போனபைடு கேட்டு ஒரு கடிதம்

கல்லூரிக் காரியாலயத்தின் ஜன்னல் முன்னே ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். அங்கே நிற்பவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒரே காகிதம். "சார், போனபைடு வேணும்" என்பதுதான் அவர்கள் சொல்லும் வார்த்தை. 'போனபைடு' இலத்தீன் மொழிச் சொல். நல்லெண்ணத்தோடு கூடிய, உண்மையான என்று பொருள்படும். இன்னார் இந்தக் கல்லூரியில் உண்மையாகவே படிக்கிற மாணவர்தான் என்று கல்லூரி முதல்வர் கையெழுத்திட்டு, முத்திரை வைத்துத் தரும் சான்றிதழ் இது. கல்விக் கடனுக்கு பாங்கு இதைக் கேட்கிறது. உபகாரச் சம்பளத்துக்கு மனுப் போட்டால் அங்கேயும் இதைக் கேட்கிறார்கள்.

நான்கு வரிச் சான்றிதழ்தானே, இதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். கஷ்டம் சான்றிதழில் இல்லை. அதைக் கேட்டு மாணவர் எழுதும் கடிதத்தில் இருக்கிறது. யாருக்கு, எதற்கு, என்னென்ன விவரத்தோடு வேண்டும் என்று கடிதம் சொல்லாவிட்டால், குமாஸ்தா தம்மிடம் உள்ள பழைய நகலில் பெயரை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்துவிடுவார். அந்தக் காகிதம் பாங்கிலிருந்து திரும்பி வரும். ஒற்றை வரிக் கடிதம் போட்டவருக்கு ஒற்றை வரிச் சான்றிதழ்தான் கிடைக்கும்.

மூன்று முறை அலைந்த கதை

2025 ஆகஸ்டு மாதம் நடந்தது இது. ஒரு கொத்தனாரின் மகள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். அரசு ஒதுக்கீட்டில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான்கு வருஷப் படிப்பில் இடம் கிடைத்தது. ஊர் தூரமாகையால் விடுதியில் தங்க வேண்டும். தகப்பனாரும் மகளுமாகக் கல்விக் கடனுக்கு பாங்குக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி, "காலேஜிலே போனபைடு வாங்கிட்டு வாம்மா" என்று சொல்லியனுப்பினார்.

அந்தப் பெண் எழுதிய முதல் கடிதம் இவ்வளவுதான்: "எனக்கு போனபைடு சர்டிபிகேட் தேவைப்படுகிறது. தயவு கூர்ந்து வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." வகுப்பு ஆசிரியர் கையெழுத்துப் போட்டார், துறைத் தலைவரும் போட்டார். இரண்டு நாள் கழித்துச் சான்றிதழ் வந்தது. "இவர் இக்கல்லூரியில் முதலாண்டு பயிலும் மாணவி" என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

பாங்கு அதிகாரி அதைப் படித்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். "எத்தனை வருஷப் படிப்பு? வருஷத்துக்கு எவ்வளவு கட்டணும்? பணத்தை யார் பேருக்கு அனுப்பறது?" மூன்றுக்கும் காகிதத்தில் பதில் இல்லை. அதிகாரி தொந்தரவுக்காகக் கேட்கவில்லை. கல்விக் கடனில் கட்டணப் பணத்தை பாங்கு பெரும்பாலும் மாணவர் கையில் கொடுப்பதில்லை. கல்லூரிக் கணக்குக்கு நேராக அனுப்பிவிடும். எவ்வளவு, எத்தனை தவணை, எந்தக் கணக்கு என்று தெரியாமல் அவர் கடனைக் கணக்கிட முடியாது.

இரண்டாம் கடிதத்தில் அவள் "கட்டண விவரத்துடன்" என்று ஒரு வார்த்தை சேர்த்தாள். காரியாலயமும் ஒரு வரி சேர்த்தது: "வருடாந்திரக் கற்பிப்புக் கட்டணம் ரூ.50,000." இது உண்மைதான். ஆனால் முழு உண்மை அல்ல. முதல் பட்டதாரிச் சலுகையாக அதில் ரூ.25,000 கழிந்துவிட்டது, அவள் கட்ட வேண்டியது ரூ.25,000 மட்டுமே. அதேசமயம் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் வருஷம் ரூ.60,000. தேர்வுக் கட்டணம், புத்தகம் முதலியவற்றுக்கு ரூ.10,000. இவை எதுவும் சான்றிதழில் ஏறவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். உண்மையான செலவு வருஷத்துக்கு 25,000, 60,000, 10,000 ஆக மொத்தம் ரூ.95,000. நான்கு வருஷத்துக்கு ரூ.3,80,000. சான்றிதழில் இருந்ததோ வருஷத்துக்கு ரூ.50,000, நான்கு வருஷத்துக்கு ரூ.2,00,000. அந்தக் காகிதத்தை அப்படியே ஏற்றுக் கடன் கொடுத்திருந்தால், ரூ.1,80,000-க்குக் கொத்தனார் எங்கே போவார்? வெளியே வட்டிக்குத்தான் வாங்க வேண்டும். கடன் ஒரு முறை மஞ்சூரான பிறகு அதைக் கூட்டித் தரச் சொல்வது எளிதல்ல.

நல்ல வேளையாக அதிகாரி, "விடுதிக்கும் சேர்த்துத்தானே கேட்கறீங்க? அதையும் எழுதி வாங்கிட்டு வந்துடுங்க" என்று சொல்லித் திருப்பியனுப்பினார். மூன்றாம் முறை சரியான கடிதம் போய், சரியான காகிதம் வந்தது. இதற்குள் பன்னிரண்டு நாள் போய்விட்டது. பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய கடன் ஆகையால், ஒவ்வொரு தடவையும் தகப்பனார் வேலையை விட்டுவிட்டு உடன் போனார். மூன்று நாள் கூலி போயிற்று. கட்டணம் கட்டும் கடைசித் தேதியும் தாண்டி, அபராதம் வேறு கட்டினார்கள். ஆரம்பக் கடிதத்தில் ஆறு வரி கூடுதலாக எழுதியிருந்தால் இத்தனையும் மிச்சமாகியிருக்கும்.

அவள் கடைசியாக எழுதிய கடிதம்

மூன்றாம் கடிதத்தை எழுத அவளுக்கு உதவியவர் காரியாலயத்திலேயே வேலை பார்க்கும் ஒரு பெரியவர். பெயர்களை நீக்கிப் பார்த்தால் அந்தக் கடிதம் இப்படி இருந்தது:

"அனுப்புநர்: பெயர் (பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடி), தகப்பனார் பெயர், பதிவு எண், முதலாண்டு, துறை.

பெறுநர்: கல்லூரி முதல்வர் அவர்கள். துறைத் தலைவர் வழியாக.

பொருள்: கல்விக் கடனுக்காக போனபைடு சான்றிதழும் கட்டண விவரமும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா, நான் 2025-26 கல்வியாண்டில் அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்து முதலாண்டு பயின்று வருகிறேன். பாங்கின் இன்ன கிளையில் கல்விக் கடனுக்கு மனுச் செய்துள்ளேன். அக்கிளையின் மேலாளருக்கு முகவரியிட்டு, கீழ்க்கண்ட விவரங்களுடன் சான்றிதழ் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, சேர்ந்த தேதி, படிப்பின் பெயர், படிப்புக் காலம், இப்போது பயிலும் ஆண்டு. இரண்டு, நான்கு ஆண்டுகளுக்கும் ஆண்டுவாரியாகக் கற்பிப்பு, தேர்வு, புத்தகம், விடுதிக் கட்டணங்கள். முதல் பட்டதாரிச் சலுகை போக நான் கட்ட வேண்டிய தொகை. மூன்று, கட்டணம் செலுத்த வேண்டிய கல்லூரிக் கணக்கின் பெயர், எண், பாங்குக் கிளை, ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு. கட்டணம் கட்டக் கடைசித் தேதி இம்மாதம் 29. சேர்க்கை ஆணையின் நகலும், சலுகைச் சான்றின் நகலும் இணைத்துள்ளேன்."

இந்தக் கடிதத்தில் அலங்காரம் ஏதுமில்லை. ஆனால் இதைக் கையில் வாங்கும் குமாஸ்தா யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. பதிவேட்டைத் திறந்து, கேட்ட வரிசையிலேயே விவரங்களை எடுத்து அடித்துவிடலாம். பாங்கு கேட்கப்போகிற கேள்விகளை எல்லாம் கடிதமே முன்கூட்டிக் கேட்டுவிட்டது.

இதிலே ஒரு நுணுக்கம் உண்டு. வரப்போகும் வருஷங்களின் கட்டணத்தை எழுதித் தரக் காரியாலயங்கள் தயங்கும். அடுத்த வருஷம் கட்டணம் மாறினால் தங்கள் கையெழுத்துக்குப் பங்கம் வருமே என்ற பயம். பயம் நியாயமானதுதான். அதற்காக அந்த வரிகளை விட்டுவிட வேண்டியதில்லை. "நடப்பு விகிதப்படி உத்தேசமாக, மாற்றத்துக்கு உட்பட்டது" என்று ஒரு வாசகம் சேர்த்தால் போதும். பாங்கு கேட்பதும் உத்தேசம்தான். பின்னால் ஒவ்வொரு வருஷமும் பணம் அனுப்புமுன் அந்த வருஷத்துக் கட்டணச் சீட்டையும் மதிப்பெண்ணையும் பார்த்துத்தான் பாங்கு அனுப்புகிறது.

மொத்தத் தொகையைச் சரியாக எழுதுவதில் இன்னொரு பயனும் இருக்கிறது. இந்திய பாங்குகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், ரூ.4 லட்சம் வரையுள்ள கடனுக்கு மாணவர் தரப்பிலிருந்து கைப்பணம் போட வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால், உள்நாட்டுப் படிப்புக்கு ஐந்து சதவீதம் சொந்தமாகப் போட வேண்டும். இந்தப் பெண்ணின் ரூ.3,80,000 அந்த எல்லைக்குள் அடங்கிற்று. சலுகையைக் கழிக்காமல் எழுதியிருந்தால் வருஷத்துக்கு ரூ.1,20,000 ஆகி, மொத்தம் ரூ.4,80,000 என்று எல்லையைத் தாண்டியிருக்கும். குறைத்து எழுதினாலும் நஷ்டம். கூட்டி எழுதினாலும் நஷ்டம்.

தோழிக்கு நேர்ந்தது

அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி இருந்தாள். அவள் கடன் கேட்கவில்லை; உபகாரச் சம்பளத்துக்கு மனுப் போட்டாள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில், தொழில்நுட்பம் பயிலும் பெண்களுக்கு 'பிரகதி' என்ற பெயரில் வருஷத்துக்கு ரூ.50,000 கொடுக்கிறது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு ரூ.8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேசிய உபகாரச் சம்பள இணையதளத்தில் மனுச் செய்ய வேண்டும். அதற்கும் கல்லூரியின் போனபைடு வேண்டும்.

சிநேகிதியின் கடிதம் நன்றாக இருக்கிறதே என்று அதை அப்படியே பார்த்து எழுதிக் கொடுத்தாள். "கல்விக் கடன் பொருட்டு வழங்கப்படுகிறது" என்ற கடைசி வரியோடு, பாங்கு மேலாளருக்கு முகவரியிட்டுச் சான்றிதழ் வந்தது. உபகாரச் சம்பளத்துக்கு அந்தக் காகிதம் எப்படிப் பயன்படும்? மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

இரண்டு இடங்களும் ஒரே பெயருள்ள காகிதத்தைக் கேட்டாலும், கேட்கிற கேள்வி வேறு. பாங்கின் பார்வை வருங்காலத்தின் மேல்: எத்தனை வருஷம், எவ்வளவு, யாருக்கு அனுப்ப வேண்டும்? உபகாரச் சம்பளம் கொடுப்பவர் பார்ப்பது இந்த வருஷத்தை: இந்தக் கல்வியாண்டில் இவர் படிப்பது உண்மையா, முழுநேரப் படிப்பா, எத்தனையாவது ஆண்டு, இவ்வருஷம் கட்டிய கட்டணம் எவ்வளவு? ஆகவே இரண்டுக்கும் தனித்தனிக் கடிதம் எழுத வேண்டும். போன வருஷத்துச் சான்றிதழை இந்த வருஷத்து மனுவோடு சேர்த்தாலும் செல்லாது. கல்வியாண்டும் தேதியும் நடப்பு வருஷத்தவையாக இருக்க வேண்டும்.

இணையதள மனுவில் இன்னொரு கண்டமும் உண்டு. மாணவர் அதில் நிரப்பும் விவரங்களை முதலில் சரிபார்ப்பது கல்லூரியிலேயே அதற்கென நியமிக்கப்பட்ட அலுவலர். மாணவர் கட்டணமாக ஒரு தொகையை நிரப்பி, சான்றிதழில் வேறு தொகை இருந்தால், மனு குறையுள்ளது என்று குறிக்கப்பட்டுத் திரும்பும். திருத்தி மறுபடி அனுப்பலாம். ஆனால் அதற்கும் கடைசித் தேதி உண்டு. அதனால் சான்றிதழைக் கையில் வாங்கி, அதில் உள்ள எண்ணைப் பார்த்து மனுவை நிரப்புவதே சரி. முதலில் நிரப்பிவிட்டு, பிறகு அதற்கு ஏற்றாற்போல் சான்றிதழ் கேட்பது தலைகீழான வேலை.

கல்லூரியால் சொல்ல முடியாதது

சில மாணவர்கள் கடிதத்தில் கேட்கக் கூடாததையும் கேட்கிறார்கள். குடும்ப வருமானம் இவ்வளவு, ஜாதி இன்னது என்றும் போனபைடில் எழுதித் தரச் சொல்கிறார்கள். கல்லூரி தன் பதிவேட்டில் உள்ளதைத்தான் சாட்சி சொல்ல முடியும். வருமானத்துக்கும் சாதிக்கும் வருவாய்த் துறைச் சான்றிதழ்தான் செல்லும். அதற்கு இ-சேவை மையத்துக்குப் போக வேண்டும். புதிதாக பாங்குக் கணக்குத் திறக்கவும் போனபைடு மட்டும் போதாது. ரிசர்வ் பாங்கின் விதிப்படி ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் போன்ற அடையாள ஆவணம் வேண்டும். போனபைடு, இவர் மாணவர் என்பதற்குத் துணைச் சான்று மட்டுமே.

பெயர் விஷயமும் இப்படித்தான். மதிப்பெண் பட்டியலில் முதலெழுத்து முன்னால் இருக்கும். ஆதாரில் தகப்பனார் பெயர் முழுவதும் பின்னால் இருக்கும். பாங்குப் புத்தகத்தில் முதலெழுத்தே இராது. "ஆதாரில் உள்ளபடி போட்டுக் கொடுங்க சார்" என்று ஜன்னலில் கெஞ்சுவதைப் பார்க்கலாம். குமாஸ்தா அப்படிப் போட முடியாது. கல்லூரிப் பதிவேடு பள்ளி மாற்றுச் சான்றிதழைப் பார்த்து எழுதப்பட்டது. அதில் உள்ள பெயரைத்தான் அவர் போடுவார். திருத்த வேண்டியது ஆதாரையோ பாங்குப் புத்தகத்தையோதான். உபகாரச் சம்பளம் ஆதாரோடு இணைந்த கணக்கிலேயே வந்து விழுவதால், இந்த வேலையை மனுப் போடும் மாதம் வரை தள்ளி வைப்பது ஆபத்து.

ஜன்னலை விட்டு நகருமுன்

சான்றிதழ் கைக்கு வந்ததும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஓடுவது வழக்கம். அங்கேயே நின்று ஒரு நிமிஷம் படிக்க வேண்டும். கல்லூரிப் பெயர் அச்சிட்ட தாளா, கடித எண்ணும் தேதியும் இருக்கின்றனவா, பெயரிலும் பதிவு எண்ணிலும் பிழை உண்டா, கல்வியாண்டு சரியா, கட்டணக் கூட்டல் சரியா, முதல்வர் கையெழுத்தோடு முத்திரையும் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புகைப்படம் ஒட்டிய சான்றிதழானால், முத்திரை பாதி படத்தின் மேலும் பாதி தாளின் மேலும் விழுந்திருக்க வேண்டும். தவறு இருந்தால் அங்கேயே திருத்தி வாங்குவது ஐந்து நிமிஷ வேலை. பாங்குக்குப் போய்த் திரும்பி வந்து கேட்டால் இன்னொரு கடிதம், இன்னொரு கையெழுத்து, இன்னும் இரண்டு நாள். கொடுத்த கடிதத்துக்கு ஒரு நகல் வைத்துக்கொண்டு, அதில் காரியாலயத்தில் பெற்றுக்கொண்ட தேதியைக் குறித்து வாங்கிக்கொள்வதும் நல்லது. தாமதமானால் அதுவே பேசும்.

காரியாலயத்துக்கும் ஒரு வார்த்தை

பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு பாங்கு என்ன கேட்கும் என்று எப்படித் தெரியும்? அதிலும் வீட்டில் யாரும் கல்லூரிக்குப் போகாத பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள்? ஆனால் ஜன்னலுக்கு உள்ளே இருப்பவருக்குத் தெரியும். வருஷா வருஷம் எந்தக் காகிதம் திரும்பி வருகிறது, ஏன் வருகிறது என்று அவர் பார்த்துக்கொண்டேயிருக்கிறார். தெரிந்தும், "கேட்டதைக் கொடுத்தேன்" என்று இருந்துவிடுவது முறையல்ல.

ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு ஒவ்வொருவருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்று காரியாலயத்தார் கேட்கலாம். முடியாதுதான். அதற்காகவே சொல்கிற யோசனை இது: ஜன்னல் பக்கத்தில் இரண்டு மாதிரிக் கடிதங்களை ஒட்டி வைக்கட்டும். ஒன்று கல்விக் கடனுக்கு. மற்றொன்று உபகாரச் சம்பளத்துக்கு. அந்த வருஷத்து விடுதி, தேர்வுக் கட்டணங்களும் கல்லூரியின் கணக்கு எண்ணும் கொண்ட ஒரு பட்டியலை ஜூன் மாதமே தயாரித்து முதல்வர் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளட்டும். கடிதம் வந்ததும் அதைச் சான்றிதழோடு இணைத்தால் முடிந்தது. கடிதத்தை வாங்கும்போது, "யாருக்கும்மா, எதுக்கும்மா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். மூன்று தடவை தட்டச்சு அடிக்கும் வேலை அவர்களுக்கும் மிச்சந்தானே!

அந்தக் கொத்தனார் மகளுக்கு உதவிய பெரியவர் செய்தது இவ்வளவுதான். அவள் மூன்றாம் முறை ஜன்னலுக்கு வந்தபோது, அவர் அந்த ஒரு கேள்வியைக் கேட்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டி, "உட்கார்ந்து எழும்மா, நான் சொல்றேன்" என்றார். பத்து நிமிஷம் ஆயிற்று. ஆகஸ்டு முதல் வாரத்தில் அவள் முதன்முறை வந்தபோதே அந்தப் பத்து நிமிஷம் கிடைத்திருக்க வேண்டும்.